மிளகுக் கிடங்கில் நின்றுபோன சொல்

அந்த மனிதருக்குத் தலைப்பாகை கட்டாமல் விட்டது நீங்கள்தான். வேறு யாருமில்லை. எங்கள் மதரஸாவுக்குப் பரிசோதகராக வந்தவர் நீங்கள். ஏழு வருஷம் ஓதியவரை ஒரு காலைப்பொழுதில் உட்கார்த்தி வைத்து, அவர் வாயைப் பார்த்தீர்கள். வாயிலிருந்து வந்ததைக் கேட்கவில்லை. எனக்குத் தலைப்பாகை கட்டினீர்கள். எனக்கு அது சேர வேண்டியதில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பகிரங்கக் கடிதத்தை எழுதுகிறேன்.

வாசிக்கிறவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மதரஸா மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருந்தது. அந்த வருஷம் ஊரில் வாந்திபேதி பரவியது. இரண்டு ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிய பிறகு, எங்கள் தலைமை ஆசிரியரான ஹஜ்ரத் எங்களைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலைக்கு ஏறிவிட்டார். மிளகு வாங்கி விற்கும் பாய் ஒருவருக்கு அரியூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள்) ஒரு கிடங்கு இருந்தது. புல் வேய்ந்த கூரை, மூங்கில் தட்டிச் சுவர், கல் பாவிய தரை. பாதிக்கு மூட்டைகள், பாதிக்கு நாங்கள். கடைசி வகுப்பில் ஒன்பது பேர் இருந்தோம். அந்த வருஷம் பரீட்சையில் தேறி, ஸனது என்ற சான்றிதழ் வாங்கி, தலைப்பாகை கட்டிக்கொண்டு ஆலிமாக, மார்க்க அறிஞராக, இறங்க வேண்டியவர்கள்.

நான் மோசமான மாணவன். சொல்வதற்கு வெட்கம் இல்லை, இப்போது. அரபி இலக்கணம் என் தலையில் ஏறவே இல்லை. அரபியில் பெயர்ச்சொல்லின் கடைசி எழுத்தின் உயிர் மாறும். மலை ஏதாவது செய்தால் ‘ஜபலு’. மலையை நாம் ஏதாவது செய்தால் ‘ஜபல’. மலையிலிருந்து, மலைக்கு என்று முன்னால் ஒரு இடைச்சொல் வந்தால் ‘ஜபலி’. இந்த உ, அ, இ புத்தகத்தில் எழுதியிருக்காது. வெறும் மெய்யெழுத்துகள்தான் இருக்கும். வாக்கியத்தைப் புரிந்துகொண்டவன்தான் சரியான ஈறு போட்டு வாசிக்க முடியும். ஆகவே எங்களுக்குப் பரீட்சை என்றால் எழுதுவதல்ல. எழுத்தைக் கொடுத்து, வாசி என்பார்கள். வாசித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், உள்ளே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று.

மலைக்கு வந்த இரண்டாம் வாரம், ஒரு சொல்லின் பின்னால் இன்னொரு சொல் வந்து அதே ஈற்றை எடுத்துக்கொள்ளும் பாடத்தை ஹஜ்ரத் தொடங்கினார். பின்னால் வருகிறவை ஐந்து வகை. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் தாபிஃ. பின்தொடர்வது என்று பொருள். அதில் ஒன்று பதல். ஒரு சொல்லைச் சொல்லி, அதன் இடத்தில் இன்னொன்றை வைப்பது.

வெளியே மூடுபனி. எங்கள் கைக்கெட்டுகிற தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஹஜ்ரத் தட்டிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“அஃஜபனில் ஜபலு ஹவாஉஹு. மலை எனக்குப் பிடித்தது, அதன் காற்று. பிடித்தது எது?”

“மலை” என்றேன் நான்.

“காற்று” என்றார் என் பக்கத்தில் இருந்தவர். ஒரு சொல்தான் சொன்னார்.

“காற்றுதான்” என்றார் ஹஜ்ரத். “மலையைச் சொன்னது உன்னைத் தயார் பண்ண. குறி காற்றின்மேல். ஆனாலும் பாருங்கள், குறி இல்லாத மலைக்கும் உ, குறியான காற்றுக்கும் உ. மலையை நேசித்தேன் என்றால்? அஹ்பப்துல் ஜபல ஹவாஅஹு. இரண்டுக்கும் அ. மலையைக் கண்டு வியந்தேன் என்றால்? அஜிப்து மினல் ஜபலி ஹவாஇஹி. இரண்டுக்கும் இ.”

எனக்கு அன்றுதான் முதன்முதலாக உடம்பு சிலிர்த்தது. ஆறு வருஷமாக நான் ஈறுகளை அபராதம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் ஒரு ஒழுங்கு இருந்தது. நம் தமிழில் ‘என் கூட்டாளி வியாபாரியைப் பார்த்தேன்’ என்றால் கடைசிச் சொல்தான் ‘ஐ’யைச் சுமக்கும். முன்னால் போகிற கூட்டாளி வெறுங்கையோடு போவான். அரபியில் இரண்டு பேரும் சுமக்கிறார்கள். முன்னால் போகிறவன் மேல் எந்த நிறம் விழுகிறதோ, அதே நிறம் பின்னால் வருகிறவன் மேலும் விழுகிறது. நடுவில் ‘மற்றும்’ இல்லை, ‘அதாவது’ இல்லை. அந்த ஒரு ஈறுதான் இவன் அவனுடைய ஆள் என்று சொல்கிறது.

அதற்குமேல் ஒன்று சொன்னார் ஹஜ்ரத். அதை இன்றும் நினைத்தால் வாயடைத்துப்போகிறது. ஒருவன் கோவேறு கழுதையைப் பார்த்தான். சொல்ல வரும்போது நாக்கு வழுக்கி ‘கழுதையை’ என்று சொல்லிவிட்டான். உடனே திருத்திக்கொள்கிறான். ரஅய்து ஹிமாரன் பஃக்லன். கழுதையை, கோவேறு கழுதையை. தப்பாக வந்த சொல்லுக்கு என்ன ஈறோ, திருத்திய சொல்லுக்கும் அதே ஈறு. இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: தவறின் பதல். நன்றாகப் பேசுகிறவன் நடுவில் ‘இல்லை’ என்று ஒரு சொல் போட்டுக்கொள்வது அழகு என்று ஹஜ்ரத் சொன்னார். ஆனால் போடாதவனையும் இலக்கணம் வெளியே தள்ளவில்லை. நாக்கு வழுக்கியவனுக்கும் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எத்தனை பெரிய மனசு! நான் கிடங்கு மூட்டையில் சாய்ந்துகொண்டு, இதைக் கண்டுபிடித்தவர்கள் மனுஷர்கள்தானா என்று யோசித்தேன்.

இப்போது என் பக்கத்தில் இருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நான்கு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் திக்குவாய். சொல்லின் தொடக்கத்தில் ‘ப’வோ ‘ஜ’வோ வந்தால் வாய் அப்படியே நிற்கும், கழுத்து நரம்பு புடைக்கும், சொல் வராது. எங்கள் ஆட்கள் அவரை ‘ஊசி சிக்கின பிளேட்’ என்பார்கள். கிராமபோன் பாட்டுத் தட்டைச் சொல்கிறேன். குர்ஆனை ராகத்தோடு ஓதும்போது மட்டும் எங்கும் நிற்காது. ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடும். உரைநடையை ராகம் போட்டு வாசிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அங்கே மாட்டிக்கொள்வார்.

வந்த புதிதில் அவரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் எங்கள் ஹஜ்ரத்துக்கே ஒரு இடத்தில் சந்தேகம் வந்தால், அவர் பக்கம்தான் கண் போகும். அவர் ஊர்ப் பள்ளிவாசலை ஒட்டி ஒரு சின்ன மதரஸா இருந்தது. முதர்ரிஸ் வேலையை, அதாவது பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையை, அவருக்காக இரண்டு வருஷமாகக் காலியாக வைத்திருந்தார்கள். ஸனது கொண்டுவந்தால் வேலை. இல்லையென்றால் வேறு ஆள். அவருக்கு வேறு ஆசையே கிடையாது. இலக்கணம் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓடையில் துணி துவைக்கும்போது ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

“அண்ணே, நீங்க வாசிக்கிறப்போ ஏன் புத்தகத்தில இல்லாத சொல்லெல்லாம் வருது?”

சிரித்தார். ஈரத் துணியால் கல்லில் ஒரு கோடு போட்டார்.

“ஜ... ஜ...” நின்றது. கையை மேலே காட்டினார், மலையை. “அது வராது. அதனால ‘தவ்து’ன்னு சொல்லிருவேன். அதுக்கும் மலைன்னுதான் அர்த்தம். மூச்சு ஓட ஆரம்பிச்சிரும். அந்த ஓட்டத்துல மத்ததையும் சொல்லிருவேன்.”

“ரெண்டு தடவை மலையா?”

“மினத் தவ்தில் ஜபலி” என்றார், ஒரே மூச்சில், எங்கும் நிற்காமல். “மலையிலிருந்து, மலையிலிருந்து. ரெண்டுக்கும் இ. முதல்ல வந்தது அதிகம் வழங்காத சொல்லு. அடுத்து வரது எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு, கிதாபுல எழுதியிருக்கிற சொல்லு. தப்பு இருக்கா?”

இல்லை. எங்கே தப்பு? அவர் நாக்கு நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு சொல்லை முன்னால் அனுப்பி, அதன் பின்னால் எழுதிய சொல்லை அதே ஈற்றோடு நடத்திக்கொண்டு போனார். தனியாக நுழைய முடியாத வீட்டுக்குள் பக்கத்து வீட்டுக்காரனோடு சேர்ந்து போகிற மாதிரி. அதற்காக அவர் எத்தனை சொற்களைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும்! ‘ப’வில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ‘ப’ இல்லாத இன்னொரு சொல். ‘பைத்’ என்றால் வீடு, அது வராது, ‘தார்’ என்பார். வாசிக்கிற வேகத்தில் அதைத் தேடி எடுத்து, சரியான ஈறு போட்டு, பின்னால் வருவதற்கும் அதையே போட்டு... நான் துணியை நீரில் விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டி பாதி தூரம் போய்விட்டது. அவர்தான் இறங்கிப் பிடித்தார்.

நான் வேறு வழி வைத்திருந்தேன். அரபியில் ஒரு சொல்லில் நிறுத்தினால், அதன் ஈறு விழுந்துவிடும். ‘ஜபலி’ என்று ஓட வேண்டியதை, நிறுத்தினால் ‘ஜபல்’ என்று முடித்துவிடலாம். அது சட்டம். உண்மையில் வாக்கியம் முடிகிற இடத்துக்கான சட்டம். நான் அதை எல்லா இடத்திலும் பயன்படுத்தினேன். ஈறு தெரியாத சொல் வந்தால் நிறுத்துவேன். கண்ணை மூடுவேன். ஏதோ ஆழ்ந்து யோசிக்கிறவன் மாதிரி. பிறகு அடுத்த சொல். உ-வா, அ-வா, இ-யா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் எந்த ஆலிமும் இல்லை. கிடங்கு வாசலில் மிளகுக் கொத்தைப் பாயில் போட்டு மிதித்துக்கொண்டிருந்த மலைக்காரர். சொந்தக்காடு பெரக்கரை நாட்டில். மிளகு கொண்டுவந்தால் நாலு நாள் கிடங்கிலேயே தங்கி மிதித்து உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார். அல்லாஹ் பெயரும் தெரியாது, அரபியும் தெரியாது. நாங்கள் வாசித்துப் பழகுவதைக் கேட்டுக்கொண்டே மிதிப்பார்.

“ஏனுங்க சாமி, ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“கேளுங்க.”

“நீங்களும் அந்த அண்ணனும் நிக்கறீங்க. ரெண்டு பேரும் நிக்கறீங்க. ஆனா ஒரே மாதிரி நிக்கலீங்களே.”

“என்ன சொல்றீங்க?”

“அவரு இழுப்ப இழுத்துப்போட்டு நிக்கறாருங்க. கடைசீல அந்த உ, அ, இன்னு ஒண்ணு வருதில்லீங்க, அதச் சொல்லிப்போட்டு, அடுத்ததுக்கு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கறாருங்க. நீங்க அந்த இழுப்பையே முழுங்கிப்போட்டு நிக்கறீங்க.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. “உங்க மிளகப் பாருங்க” என்றேன்.

“பாக்கறேனுங்க. காலுதானுங்க மிளகுல இருக்குது, காது சும்மாதானே இருக்குது” என்றார், மிதிப்பதை நிறுத்தாமல்.

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், பரிசோதகர் ஹஜ்ரத். நான் சொல்லின் வாலை விழுங்கிவிட்டு நின்றேன். அவர் வாலைச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த சொல்லின் தலையில் நின்றார். இரண்டு மௌனமும் ஒன்றல்ல. மிளகு மிதிக்கிறவர் காதுக்கு அது கேட்டது. உங்கள் காதுக்குக் கேட்கவில்லை.

நீங்கள் வந்த அன்று வெயில் அடித்தது. நாலு பேர் டோலியில் சுமந்து உங்களை மேலே கொண்டுவந்தார்கள். முன் இடது கம்பைப் பிடித்தவர் அந்த மலைக்காரர்தான். இறக்கி வைத்துவிட்டு அவர் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். நீங்கள் ஒரு காகிதம் எடுத்தீர்கள். உங்கள் கையெழுத்து. யாரும் முன்பே மனப்பாடம் செய்திருக்கக் கூடாது என்று நீங்களே எழுதிக் கொண்டுவந்த வாக்கியங்கள். அது நல்ல வழக்கம். அதில் குறை சொல்லவில்லை. மலையிலிருந்து ஒரு வியாபாரி வீட்டுக்கு இறங்குகிறான், தீ அவன் பயிரில் பாதியைத் தின்றுவிட்டது என்று போகும்.

முதலில் என்னைக் கூப்பிட்டீர்கள்.

“நஸலத் தாஜிர்” என்றேன். நிறுத்தினேன். கண்ணை மூடினேன். “மினல் ஜபல்.” நிறுத்தினேன். “இலல் பைத்.”

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். பிறகு அந்த இடம் வந்தது. தீ பயிரைத் தின்றது, அதன் பாதியை. ‘அதன் பாதியை’ என்பதில் ஈறு கடைசியில் இல்லை. நடுவில் இருக்கிறது. ‘நிஸ்ஃப’ என்ற பாதிக்குப் பிறகு ‘ஹு’ என்ற ‘அதன்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினாலும் ‘ஹு’வின் உயிர்தான் போகுமே தவிர, உள்ளே இருக்கும் ஈறு காட்டிக்கொடுத்துவிடும். நிஸ்ஃபுஹுவா, நிஸ்ஃபஹுவா, நிஸ்ஃபிஹியா? விழுங்க வழியில்லை.

இருமினேன். மிளகுக் கிடங்கு, தூசு எப்போதும் இருக்கும். இருமலுக்குள் அந்தச் சொல்லைப் போட்டு மூடிவிட்டேன். கண்ணில் நீர் வந்தது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “இந்தச் சொல் என்ன?”

“பதல்” என்றேன். வகுப்பில் இதே மாதிரி வாக்கியம் வந்தது ஞாபகம் இருந்தது. இலக்கணம் அல்ல, ஞாபகம்.

“மாஷா அல்லாஹ். என்ன நிதானம்!” என்றீர்கள். எங்கள் ஹஜ்ரத் தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும். வாசலில் மலைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. “அவருக்கு மட்டும் சமயம் பாத்து மிளகு ஏறுதுங்க.”

பிறகு அண்ணன் வந்து உட்கார்ந்தார். இருபது வருஷம் ஆகிறது. அந்தக் காலையை நான் மறக்கவில்லை.

“நஸலத் தாஜிரு மின...” நின்றது. தாஜிருவின் ‘உ’ தெளிவாக, முழுசாக விழுந்தது. நீங்கள் அதைக் கேட்டீர்களா? கழுத்து நரம்பு புடைத்தது. “மினத் தவ்தில் ஜபலி இல...” மறுபடி நின்றது. “இலத் தாரில் பைத்தி.”

நீங்கள் கையை உயர்த்தினீர்கள். “தம்பி, இதில் தவ்து எங்கே இருக்கிறது? தார் எங்கே இருக்கிறது? காகிதத்தில் இருப்பதை வாசி.”

அவர் மறுபடி முயன்றார். வாய் திறந்தது. வரவில்லை. உங்களுக்குப் பொறுமை இல்லை. மேலே போ என்று கை காட்டினீர்கள். அடுத்த வாக்கியத்தில் ‘ப’வும் இல்லை, ‘ஜ’வும் இல்லை.

“அகலதின் நாருஸ் ஸர்அ நிஸ்ஃபஹு.”

ஒரே மூச்சு. நான் இருமலில் புதைத்த சொல்லை அவர் பகல் வெளிச்சத்தில் எடுத்து வைத்தார். பயிருக்கு ‘அ’, அதன் பாதிக்கும் ‘அ’. சொல்லின் நடுவில் இருந்த அந்த ஒரு குறில் உயிர், அத்தனை சின்னது, அது எத்தனை சரியாக இருந்தது! தீ தின்றது பயிரை என்று நினைக்கவைத்து, இல்லை, பாதியைத்தான் என்று கையைப் பிடித்துத் திருப்பியது. மீதிப் பாதி எங்கள் கண்முன் பச்சையாக நின்றது.

அங்கே விட்டிருக்கலாம். நீங்கள் கேட்டீர்கள். “நிஸ்ஃபஹு என்ன?”

பதில் ‘பதல்’. ஒரு சொல். ‘ப’வில் தொடங்குகிற சொல்.

அவர் வாய் திறந்தது. உதடு சேர்ந்தது. பிரியவில்லை. கழுத்து, நெற்றி, கை எல்லாம் அந்தச் சொல்லுக்காக உழைத்தன. வராத சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லை முன்னால் அனுப்புவதுதானே அவர் வழி. அனுப்பினார்.

“தாபிஃ” என்றார். அந்த ஓட்டத்தில் ‘பதல்’ வருவதற்குள் நீங்கள் குறுக்கே வந்தீர்கள்.

“தாபிஃ ஐந்து இருக்கிறது. எது?”

மறுபடி உதடு சேர்ந்தது. மறுபடி பிரியவில்லை. பிறகு ஒரு காரியம் செய்தார். பெயரைச் சொல்ல முடியாதவர், பொருளையே எடுத்து வைத்தார். கையை விரித்து, திறந்த தட்டிக் கதவைப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“அஃஜபனித் தவ்து ஹவாஉஹு. அஹ்பப்துத் தவ்த ஹவாஅஹு. அஜிப்து மினத் தவ்தி ஹவாஇஹி.”

மலை பிடித்தது, அதன் காற்று. மலையை நேசித்தேன், அதன் காற்றை. மலையைக் கண்டு வியந்தேன், அதன் காற்றை. மூன்று நிலையிலும், முன்னாலும் பின்னாலும் ஒரே ஈறு. உஉ, அஅ, இஇ. அந்த நேரத்தில் கதவு வழியாகக் காற்று உண்மையிலேயே வந்தது. மிளகு மணத்தோடு வந்தது. நான் எத்தனையோ பெரிய உலமாக்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன். அதைப் போல ஒரு பதிலைக் கேட்டதில்லை. கேட்டது ஒரு பெயர். அவர் கொடுத்தது முழுப் பாடம். எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது.

நீங்கள் சொன்னீர்கள்: “நான் கேட்டது ஒரு சொல். அது இல்லை. காகிதத்தில் இல்லாததைச் சேர்க்கிறான், தெரியாத இடத்தில் நின்று ஈற்றை மறைக்கிறான். இந்தத் தந்திரம் எனக்குப் பழக்கம்.”

தந்திரம்! அதைச் செய்த நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். பேசியிருக்க வேண்டும். பேசினால் என் தலைப்பாகை போகும். பேசவில்லை. எங்கள் ஹஜ்ரத் இரண்டு முறை வாயெடுத்தார். விருந்தாளி ஆலிமிடம் மாணவர்கள் முன்னால் எதிர்த்துப் பேசக் கூடாது என்ற மரியாதை அவரை அழுத்திவிட்டது. வாசலில் இருந்த மலைக்காரர் மட்டும் எழுந்து நின்றார்.

“ஏனுங்க பெரியவரே, அந்த அண்ணன் இழுப்ப இழுத்துப்போட்டுத்தானுங்களே நின்னாரு?” என்றார்.

“இவர் யார்?” என்றீர்கள்.

“உங்களச் சொமந்தவனுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அவர் சொன்னதுதான் அன்று அந்தக் கிடங்கில் சொல்லப்பட்ட ஒரே சரியான தீர்ப்பு. அது சிரிப்போடு போய்விட்டது.

எட்டுப் பேருக்குத் தலைப்பாகை கட்டினீர்கள். அவர் எங்கள் தலைப்பாகைத் துணிகளை மடிப்புக் கலையாமல் எடுத்து எடுத்து உங்கள் கையில் கொடுத்தார். அந்த வேலையை அவரிடம் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. என் முறை வந்தபோது என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. “நிஸ்ஃபஹு” என்றார் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. “அ. மறந்துராதீங்க.”

அவர் ஊரில் காலியாக இருந்த வேலைக்கு ஸனதுள்ள ஆள் வேண்டுமென்று கேட்டார்கள். போனவன் நான். ஆமாம், நான்தான் போனேன். அவர் மலையிலேயே தங்கிவிட்டார். மிளகு பாய் கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார். மூட்டை காய்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கிற வேலை. இன்றும் அங்கேதான் இருக்கிறார். விடியலில் அவர் குர்ஆன் ஓதும்போது எங்கும் நிற்பதில்லை. மிளகோடு வந்து தங்கும் நாட்களில் மலைக்காரர் அதைக் கேட்டுவிட்டுத்தான் மிதிக்கத் தொடங்குவார். “அண்ணன் இன்னிக்கு ஓடுச்சுங்க” என்பார், ஓடையைச் சொல்வது மாதிரி.

நான் ஒவ்வொரு வருஷமும் மேலே ஏறுகிறேன். சொல்லிக்கொடுக்கிறவனுக்குத் தெரியாத இடங்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போவேன். மூட்டைமேல் உட்கார்ந்து கேட்பேன். அவர் ஒரு சொல்லை முன்னால் அனுப்பி, இன்னொன்றைப் பின்னால் நடத்தி, விளக்குவார். இறங்கி வந்து அதை என் பாடமாக என் வகுப்பில் சொல்வேன். நான் நல்ல முதர்ரிஸ் என்று ஊரில் பெயர். பெயர் யாருடையது, பாடம் யாருடையது என்று இப்போது தெரிந்திருக்கும். இருபது வருஷம் வெட்கத்தோடு ஏறினேன். ஆனால் அவர் விளக்க ஆரம்பித்தால் வெட்கம் மறந்துபோகும். அப்போது நான் கேட்கிறவன் மட்டும்தான். ஒவ்வொரு முறையும் அதே சிலிர்ப்பு.

சென்ற மாதம் உங்கள் பேச்சொன்றைக் கேட்க நேர்ந்தது. நம் மதரஸாக்களில் தகுதியில்லாதவர்கள் நுழைந்துவிட்டார்கள், ஈறு தெரியாதவர்கள் பாடம் சொல்கிறார்கள் என்று மேடையில் வருத்தப்பட்டீர்கள். உண்மை. அவர்களில் ஒருவனுக்குத் தலைப்பாகை கட்டியது உங்கள் கை.

நாக்கு வழுக்கி வந்த தப்பான சொல்லுக்குக்கூட இலக்கணக்காரர்கள் இடம் கொடுத்தார்கள். சரியான சொல்லோடு நின்றுபோன நாக்குக்கு நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த தலைப்பாகை கட்டும் கூட்டத்துக்கு நான் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். என் ஸனதைக் கையில் கொண்டுவருகிறேன். உங்களிடம் அந்தப் பழைய காகிதம் இல்லாவிட்டால் புதிதாக ஒன்று எழுதுங்கள். எத்தனை ‘ப’ வேண்டுமானாலும் போடுங்கள். முதலில் நான் நிறுத்தாமல் வாசிக்கிறேன். எத்தனை ஈற்றில் தப்பினேன் என்று எண்ணிச் சொல்லுங்கள். பிறகு அவரை வாசிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள். அதற்குப் பிறகு எல்லார் முன்னாலும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கடிதத்தில் வேண்டாம், வீட்டுக்குக் கூப்பிட்டு வேண்டாம், மேடையில் நின்று சொல்லுங்கள்: அன்று கிடங்கில் அந்த மனிதர் முன்னால் வைத்த சொல்லுக்கு ஒரு ஈறும், பின்னால் வைத்த சொல்லுக்கு வேறு ஈறும் போட்ட இடம் எது? ஒன்றைக் காட்டுங்கள். ஒன்றே ஒன்று.